பஸ்ஸா, பேச்சா?

பஸ் நிலையத்து மதில் ஓரமாக இருந்த அந்தக் காப்பிக் கடையில் நான் சேர்ந்தது நல்ல சித்திரை வெயிலில். அதற்கு முன்னால் கிரிவலப் பாதையில், வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காரும் ஒரு கஃபேயில் இருந்தேன். பாத்திரம் கழுவுவதில் ஆரம்பித்து, நீராவியில் பால் சூடாக்கும் மெஷின் வரைக்கும் உயர்ந்திருந்தேன். வெயில் ஏறியதும் வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். கஃபேயைப் பூட்டினார்கள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தேன், எந்த பஸ் முதலில் வருகிறதோ அதில் ஏறலாம் என்று. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் வேலை தேடும் முறை அதுதான். அன்றைக்கு பஸ் வரத் தாமதமானது. காப்பி குடிக்கப் போனேன். கடைக்கார அக்கா ஒரு கையால் டிகாஷன் ஊற்றி, இன்னொரு கையால் எச்சில் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நாலு டம்ளர் எடுத்துக் கொடுத்தேன். "சும்மா நிக்கறதுன்னா உள்ள வந்து நில்லு" என்றார். நின்றுவிட்டேன்.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். கணவர் நிலத்தைப் பார்த்துக்கொள்ள, அக்கா கடையைப் பார்த்துக்கொண்டார். கடையின் எதிரில்தான் கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகும் ஒரு தனியார் பஸ் வந்து நிற்கும். அந்த பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும் எந்தக் கடையில் குடிக்கிறார்களோ, பயணிகளும் அங்கேதான் குடிப்பார்கள். காரணம் சுலபம். டிரைவர் கண்ணெதிரே இருக்கும்வரை பஸ் தங்களை விட்டுவிட்டுப் போகாது என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அந்த ஒரு டிரைவரின் டம்ளரை நம்பித்தான் அக்காவின் கடை ஓடியது. இதை அக்காவே சொல்வார். "அவுரு கை கழுவினா நான் கடைய கழுவி வெச்சிட்டுப் போவ வேண்டியதுதான்."

எதிர்ப் பக்கத்தில் காகிதக் கப்பில் டீ விற்கும் கடை ஒன்று இருந்தது. அக்கா அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அவருக்கு எப்போதும் தெரியும்.

அக்காவின் காப்பிக்கு மூன்று கொள்கைகள். பால் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் முக்கி எடுத்துச் சுடச்சுடத்தான் காப்பி ஊற்ற வேண்டும். காப்பி விளிம்புவரை, நுரை குன்றாக நிற்கும்படி இருக்க வேண்டும். குறைத்து ஊற்றுவது அவருக்குப் பந்தியில் இலையைப் பாதியில் எடுப்பது மாதிரி.

இந்தக் கொள்கைகளின் பரம விசிறி ஒரு ஆட்டோ அண்ணன். பெரிய மீசை, கழுத்தில் துண்டு. ஸ்டாண்டில் வண்டியை வரிசையில் விட்டுவிட்டு, கடை பெஞ்சின் ஓரம் அவருக்கே எழுதி வைத்த மாதிரி உட்கார்ந்துகொள்வார். "காப்பின்னா தொண்டையில கோடு போட்டுக்கினு எறங்கணும். ஆறினதக் குடிக்கறதுக்கு பேசாம மோர் குடிக்கலாம்." நான் கஃபேயில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் அவருக்குக் கொண்டாட்டம். "தம்பி, வெள்ளக்காரன் காப்பிய கொழந்த குளிப்பாட்டற சூட்லதான குடிப்பான்?"

கஃபேயில் நுரைப்பால் அறுபதிலிருந்து அறுபத்தைந்து டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பாலின் இனிப்பு போய்விடும் என்று அந்த முதலாளி சொல்வார். அதைப் பார்க்கத்தான் பால் ஜாடியின் விளிம்பில் ஒரு வெப்பமானி மாட்டியிருக்கும். கடிகாரம் மாதிரி வட்ட முகம், கீழே நீளமான ஊசி. கண்ணாடியில் கீறல் விழுந்த ஒன்றைத் தூக்கிப் போட இருந்தார்கள். நான் கேட்டு வாங்கிப் பையில் போட்டிருந்தேன். எதற்கு என்று அப்போது தெரியாது. என் பையில் அப்படி நிறைய உண்டு.

விஷயம் நடந்தது ஒரு மத்தியானம். டிரைவர் எப்போதும் வேகமான ஆள். தனியார் பஸ்காரர்களுக்கு நிமிஷம்தான் சோறு. பின்னால் வரும் பஸ்ஸுக்கு ஒரு நிமிஷம் விட்டுக்கொடுத்தால் வழியில் நிற்கிற ஆட்களெல்லாம் அவனுக்குப் போய்விடுவார்கள். அன்றைக்கு வரும்போதே தாமதம். அக்கா வழக்கம்போல வெந்நீரில் முக்கிய டம்ளரில் விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தார். டிரைவர் டம்ளரைத் துண்டால் பிடித்துக்கொண்டு போய்த் தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டம்ளரைப் பார்த்தார். ஆவியே வரவில்லை.

அங்கேதான் ஏமாந்தார். மார்கழி விடிகாலையில் காப்பியிலிருந்து புகை மாதிரி ஆவி சுருண்டு போகும். சித்திரை மத்தியானத்தில், காற்றே அடுப்பு மாதிரி காயும்போது, அதே சூட்டுக் காப்பியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. போதாததற்கு மேலே நுரை போர்வை மாதிரி மூடிக்கொண்டிருந்தது. ஆறிவிட்டது என்று நினைத்து ஒரே வாயாகக் கவிழ்த்தார்.

"ஹா!" என்று ஒரு சத்தம். வாயிலிருந்தது ஸ்டியரிங் மேல். டம்ளரில் இருந்தது தொடை மேல்.

பஸ்ஸிலிருந்து குதித்தார். ஆளுக்கு ஆள் வைத்தியர் ஆகிவிட்டார்கள். ஒருத்தர் பற்பசை என்றார். ஒருத்தர் இட்லி மாவு என்றார். ஒரு பாட்டியம்மா தன் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தையே பிரித்துவிட்டார். ஐஸ் வைக்கச் சொன்ன கண்டக்டர், எதிரில் ஜூஸ் கடைக்கு ஓட ஆரம்பித்தார்.

எனக்கு இந்த விஷயத்தில் மட்டும் படிப்பு உண்டு. திருப்பூரில் ஒரு மெஸ்ஸில் இருந்தபோது சாம்பார் அண்டா சரிந்து முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்தது. பற்பசையைப் பூசிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதைச் சுரண்டி எடுத்த நர்ஸம்மா, வலியைவிட அதிகமாகத் திட்டினார். திட்டு மறக்கவில்லை. துணியை உடனே எடு, தண்ணீரை ஊற்று, ஊற்றிக்கொண்டே இரு, ஐஸ் வேண்டாம், எதையும் பூசாதே.

"பேண்ட கழட்டுங்கணா" என்றேன்.

"இன்னாது?"

"துணியில சூடு நிக்குதுணா. கழட்டுங்க, சீக்கிரம்."

"டேய், பஸ் ஸ்டாண்டுடா இது! லேடீஸ் கீறாங்க!"

அக்கா கடைக்குள்ளிருந்து தன் கணவரின் பழைய லுங்கியைத் தூக்கி எறிந்தார். ஆட்டோ அண்ணன் தன் துண்டை இரண்டு கையாலும் விரித்துத் திரை பிடித்தார். கடையின் பின்பக்கம், தண்ணீர் டிரம்மின் குழாயடியில் டிரைவரை உட்கார வைத்து, லுங்கியைத் தொடைக்கு மேலே ஏற்றி, குழாயைத் திறந்துவிட்டோம். வெயிலில் நின்ற டிரம் இல்லை, நிழலில் இருந்தது. தண்ணீர் சூடேறாமல் இருந்தது. அவர் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் நான் தோளை அழுத்தினேன். இருபது நிமிஷம் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு, எங்கள் பயணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. டிரைவர் அந்த ஹாரனுக்குத்தான் அழுதார், தொடைக்கு இல்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ அண்ணனே கூட்டிப் போனார். தொடையில் சின்னதாகக் கொப்புளம், மற்ற இடம் சிவப்பு மட்டும். நாக்கும் மேலண்ணமும் வெந்து, சாப்பாடு எல்லாம் சீலைத்துணி மாதிரி இருக்கிறது என்று பிறகு கண்டக்டர் சொன்னார். ஆட்டோவில் ஏறும்போது டிரைவர் அக்காவைப் பார்த்துச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. "யக்கா, நீ காப்பி போடல, கஞ்சி வெச்சி அடிச்சிருக்க. இனிமே உன் கட பக்கம் வந்தா ஏன்னு கேளு."

மறுபடி வண்டிக்கு வந்தபோது, சொன்னபடியே எதிர்க் கடைக்குப் போனார். கண்டக்டர் பின்னால் போனார். பயணிகள் அவர்கள் பின்னால் போனார்கள். அக்கா அன்றைக்குக் கொதித்த பாலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இருவது வருஷமா இப்பிடித்தான் போடறேன். யாரும் சூடு ஜாஸ்தின்னு சொன்னதில்ல. கம்மின்னுதான் சொல்லியிருக்காங்க."

"சூட்டக் கொறைக்கலாங்கா" என்றேன். பையிலிருந்து வெப்பமானியை எடுத்தேன். முதலில் அதைக் கொதிக்கும் வெந்நீரில் விட்டுப் பார்த்தேன். நூறுக்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. நம்பலாம்.

அக்கா போட்ட காப்பியில் விட்டேன். எண்பத்து மூன்று.

ஆட்டோ அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, காப்பிக்கு ஜுரம் பாக்கறியா? மாத்திர குடு."

அப்புறம் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். கஃபே அளவு எனக்குத் தெரியும் என்ற திமிர். மறுநாள் அடுப்பைத் தணித்து, பாலை அறுபத்தைந்திலேயே நிறுத்தி வைத்தேன். டம்ளரை வெந்நீரில் முக்கவில்லை. டிகாஷன் ஆறியிருந்தது, சர்க்கரையிலும் சூடு இல்லை, எவர்சில்வர் டம்ளர் தன் பங்குக்குச் சூட்டை உறிஞ்சியது. வாடிக்கையாளரின் கைக்குப் போகும்போது காப்பி ஐம்பதைத் தொட்டிருந்தது.

"யக்கா, அடுப்பு அவிஞ்சி போச்சா?" என்றார் ஒருத்தர். பூ விற்கிற அம்மா டம்ளரைத் திருப்பியே கொடுத்துவிட்டார். ஆட்டோ அண்ணன் ஒரு வாய் குடித்து, மீசையைத் துடைத்து, மௌனமானார். அவர் மௌனமானதை அந்த ஸ்டாண்டில் யாரும் அதற்கு முன் பார்த்ததில்லை. சாயங்காலம் இன்னொரு அடி. அந்த வெயிலில், கூட்டமில்லாத நேரம் அடுப்பை அணைத்து அரைச் சூட்டில் வைத்த பால் திரிந்துவிட்டது. பால் ஒன்று நல்ல சூட்டில் இருக்க வேண்டும், இல்லை குளிர்ச்சியில் இருக்க வேண்டும். நடுவில் வைத்தால் கெடும். கஃபேயில் பால் குளிர்பெட்டிக்குள் இருந்தது, கப்புக் கப்பாகச் சூடாக்கினோம் என்பதை நான் மறந்துவிட்டேன்.

அக்கா திரிந்த பாலைச் சாக்கடையில் ஊற்றும்போது என்னைத் திட்டவில்லை. "கடைய மூடறதுன்னா நானே மூடிக்கறேன்பா. உனக்கு எதுக்கு அந்த செரமம்" என்றார். திட்டியிருக்கலாம்.

அடுத்த நாள் பால் பழையபடி கொதித்தது. காப்பி எண்பத்து மூன்று. ஆட்டோ அண்ணன் பெஞ்சுக்கு வந்து, "அப்பாடா, மனுசன் குடிக்கற காப்பி" என்று வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எனக்கு ஆத்திரம். "அண்ணா, இந்த ஊசி உங்க டம்ளர்லயே இருக்கட்டும். நீங்க எந்தச் சூட்ல குடிக்கறீங்கன்னு பாக்கலாம்."

"பாரு. தாராளமா பாரு. எண்பதுலயே எறக்கறேன்."

டம்ளரைத் தூக்கினார். உதட்டருகே கொண்டுபோனார். "அந்த டிரைவர் இருக்கானே" என்று ஆரம்பித்துக் கீழே வைத்தார். டிரைவரைப் பற்றிப் பேசி முடித்தார். எழுபத்து ஐந்து. மறுபடி தூக்கினார், ஊதினார், பௌர்ணமிக்கு ஆட்டோக்களை எங்கே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்று போலீஸைத் திட்டினார், வைத்தார். எழுபது. மைத்துனன் நிலத் தகராறு. அறுபத்து ஐந்து. ஒரு சவாரி கேட்டு வந்த ஆளிடம் அடுத்த வண்டியைக் காட்டினார். பிறகுதான் டம்ளரைத் தூக்கி, காற்றையும் சேர்த்து உறிஞ்சும் அந்தப் பெரிய சத்தத்தோடு முதல் வாய் குடித்தார். "ஆஹா! இது சூடு!"

ஊசியைப் பார்த்தேன். அறுபத்து ஒன்று.

"அண்ணா, அறுபத்தொண்ணு."

"அதனால?"

"வெள்ளக்காரன் குடிக்கறதும் அதேதான்."

ஆட்டோ அண்ணன் ஊசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். "உன் ஊசி பொய் சொல்லுது." அன்றைக்கு முழுக்க மூன்று காப்பி குடித்து அவரே சோதித்தார். அறுபத்து மூன்று. ஐம்பத்து ஒன்பது. அறுபது. எண்பதில் ஒரு தடவை வீம்புக்கு நாக்கை வைத்து, "ஸ்ஸ்" என்று எடுத்துக்கொண்டதும் உண்டு. அந்தக் கணக்கை மட்டும் யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்.

அக்கா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ காப்பி மேல தப்பு இல்ல" என்றார் மெதுவாக. "இவுருக்கு ஆற வெக்கறதுக்குப் பேச்சு கீது. அவுருக்கு பேச்சு இல்ல."

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. எண்பதிலிருந்து அறுபதுக்கு டம்ளர் தானாக இறங்கப் பத்து நிமிஷத்துக்குப் பக்கமாக ஆகிறது. பெஞ்சில் உட்கார்பவனுக்கு அந்தப் பத்து நிமிஷம் இருக்கிறது. அவனுக்கு அறுபதில் கொடுத்தால் பாதிப் பேச்சில் காப்பி ஆறிப்போகும். பஸ்காரனுக்குப் பத்து நிமிஷம் இல்லை. அவனுக்கு எண்பதில் கொடுத்தால் ஒன்று நாக்கு வேகும், இல்லை காப்பி வீணாகும்.

அதற்குப் பிறகு வேலை சுலபம். பால் கொதிக்கட்டும். பஸ்ஸுக்குப் போகிறவருக்கு அக்கா டம்ளரிலிருந்து டபராவுக்கும், டபராவிலிருந்து டம்ளருக்கும் தூக்கி ஆற்றினார். முதல் ஊற்றிலேயே சில்லென்ற டபரா பெரிய பங்கைத் தின்றுவிட்டது. எண்பத்து மூன்று எழுபத்து நாலாகியது. அடுத்தடுத்த ஊற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, டபராவும் சூடேறிவிடுகிறதே. நாலைந்து ஊற்றில் அறுபதை ஒட்டி வந்து நின்றது. வெந்நீரில் முக்குவது பெஞ்சுக்காரர்களுக்கு மட்டும். ஒரே ஒரு சண்டைதான் போட வேண்டியிருந்தது: விளிம்பு.

"ஒரு வெரல் கொறச்சி ஊத்துங்கா."

"கொறச்சி ஊத்தினா பிசினாறின்னுவாங்க."

"அறுபதுதான், நாக்குக்கு அது சுகம். ஒரு வாயி, கொஞ்சம் காத்து, அப்பிடியே உள்ள போயிடும். ஆனா தொடையில கொட்டி, துணியில ஊறி, நாலஞ்சு நொடி நின்னா அறுபதே போதும், வெந்துரும். எண்பதுன்னா கேக்கவே வேணாம், தொட்ட ஒடனே."

அக்கா ஒரு விரல் குறைத்தார். மனசாட்சிக்குப் பெரிய டம்ளர் வாங்கினார்.

வருகிறவரிடமெல்லாம் நான் கேட்க ஆரம்பித்தேன். "பஸ்ஸா, பேச்சா?" முதலில் முழித்தார்கள். ரெண்டு நாளில் அவர்களே சொல்லிக்கொண்டு வந்தார்கள். "ஒரு பஸ்ஸு, ரெண்டு பேச்சு." பூக்கார அம்மா, "எனக்கு பேச்சு, ஆனா சர்க்கர கம்மி" என்பார்.

ஆனால் எந்த ஆளுக்காக இவ்வளவும் செய்தோமோ அவர் எதிர்ப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைக் கவனித்தேன். காகிதக் கப்பை வாங்குவார். இரண்டு விரலில் பிடித்து ஊதுவார். வெந்த நாக்குக்குப் பயம். பஸ் கிளம்பும் நேரம் பார்க்கிற டைம் கீப்பர் விசில் ஊதுவார். டிரைவர் ஒரு வாய் தொட்டுப் பார்த்துவிட்டு மிச்சத்தை மண்ணில் கொட்டிவிட்டு ஓடுவார். ஒவ்வொரு டிரிப்புக்கும் அதே கதை. மனிதர் காப்பியும் இல்லாமல் டீயும் இல்லாமல் கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

கண்டக்டரிடம் பேசினேன். "ஒரே ஒரு தடவ வரச் சொல்லுங்கணா."

"அவுரா? உன் கட பேரச் சொன்னாலே தொடையத் தடவறாரு."

அக்கா அதற்குக் காத்திருக்கவில்லை. பஸ் கேட்டில் திரும்பும்போதே காப்பியைக் கலந்தார். ஆற்றினார். ஊசியை விட்டார். அறுபத்து இரண்டு. டம்ளரை டபராவில் நிறுத்தி, தானே எடுத்துக்கொண்டு, இருபது வருஷமாகத் திரும்பிப் பார்க்காத எதிர்க் கடைக்கு நேராக நடந்தார். நான் பின்னால் போனேன். டிரைவர் காகிதக் கப்பைக் கையில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். அக்கா டம்ளரை அவர் முன்னால் நீட்டினார்.

டிரைவர் ஒரு எட்டு பின்னால் போனார். "வேணாங்கா. நேத்துதான் புண்ணு பொருக்கு உதிர்ந்துச்சு."

"தொட்டுப் பாரு."

"தொட்டா?"

"டம்ளரத்தான். கையில பிடிக்க முடியிலன்னா ஊத்திடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

விரல் நுனியால் டம்ளரைத் தொட்டார். உள்ளங்கையில் பிடித்தார். பிடிக்க முடிந்தது. சந்தேகத்தோடு உதட்டில் வைத்து, பூனை மாதிரி ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். ஒரு வாய். அப்புறம் இன்னொன்று. மூன்று மடக்கில் டம்ளர் காலி. விசில் இன்னும் ஊதவில்லை. டிரைவருக்குக் கையில் மிச்சம் வந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. காலி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா, ஆறிப்போனத குடுக்கற?" என்றார்.

"ஆறிப்போனதுன்னா ஏன் மிச்சம் வெக்கல?"

கண்டக்டர் சிரித்துவிட்டார். டிரைவர் டம்ளரைக் கொடுத்துவிட்டு, விசிலுக்கு முன்னாலேயே போய் சீட்டில் உட்கார்ந்தார். அடுத்த டிரிப்பில் பஸ் கேட்டுக்குள் திரும்பும்போது ஹாரனை ரெண்டு தட்டு தட்டினார். அக்கா நிமிராமல் பாலை ஊற்றினார். "பஸ்ஸு ஒண்ணு" என்றார் என்னிடம். டிரைவர் கடை வாசலிலேயே நின்று குடித்தார்; டம்ளரோடு சீட்டில் ஏறுவதை அவரே விட்டிருந்தார். பின்னால் கண்டக்டர், அவர் பின்னால் குடையும் பையுமாகப் பயணிகள்.

ஆட்டோ அண்ணன் கடைசிவரை தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. காப்பி கொதிக்க வேண்டும் என்றுதான் பேசினார், எண்பதில் வாங்கினார், அறுபதில் குடித்தார். மழைக்காலம் தொடங்கியதும் நான் கிளம்பிவிட்டேன். வெப்பமானியை அக்காவின் டிகாஷன் பாத்திரத்துக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் காக்கி இல்லாமல், வெள்ளை வேட்டியில் கடைக்கு வந்தார். லீவாம். ஆட்டோ அண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தார். நான் வழக்கம்போலக் கேட்டேன்.

"பஸ்ஸாணா, பேச்சா?"

டிரைவர் வேட்டியை மடித்துத் தொடைக்கு மேலே நன்றாக மூடிக்கொண்டார். "பேச்சுதான்" என்றார். அக்கா வெந்நீரில் முக்கிய டம்ளரில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினார், ஒரு விரல் குறைத்து. டிரைவர் அதைத் தொடவில்லை. தன்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி, ஆட்டோ அண்ணன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, "அப்புறம், அந்த மச்சான் கேஸு இன்னாச்சு?" என்று ஆரம்பித்தார்.